916 முத்திரை இருக்கிறது, ஆறெழுத்து எண் இல்லை: இந்தச் சங்கிலிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

கரூர்_பவித்ரா, 3 ஜூன் 2025, இரவு 9.40

பெரியம்மா மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு மூன்று பவுன் முறுக்குச் சங்கிலியை விற்கிறார். கடையில் போட்டால் விலையை அடித்துவிடுவார்கள், நீயே வாங்கிக்கொள் என்கிறார். எனக்கும் ஒரு சங்கிலி வேண்டும்.

கொக்கியை மொபைலில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். முக்கோணம் ஒன்று, 916, அப்புறம் ஏதோ சின்னம், சில எழுத்துகள். இப்போதைய நகைகளில் வரும் ஆறெழுத்து எண் இல்லை. கடையில் புதிதாக வாங்கினால் ஆகும் தொகையில் கொஞ்சம் குறைத்து 2,55,000 கேட்கிறார். நியாயமா? படத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

(கணக்குக்கு எளிதாக 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். ரேட் தினமும் மாறுகிறது.)

தங்கவேல்77, 3 ஜூன், இரவு 10.05

ஆறெழுத்து எண் இல்லாத நகையை இப்போது விற்கவே கூடாது, சட்டம் வந்துவிட்டது. கையில் வாங்கினால் பின்னால் எந்தக் கடையும் எடுக்காது. விட்டுவிடுங்கள் தங்கச்சி.

உரைகல், 3 ஜூன், இரவு 10.50

தங்கவேல் சொல்வது பாதி சரி. 2023 ஏப்ரல் 1 முதல் நகைக்கடைக்காரர் அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது. அது கடைக்காரருக்கான கட்டுப்பாடு. வீட்டில் இருக்கும் பழைய நகை செல்லாததாகிவிடவில்லை. பழைய முத்திரையோடும் இருக்கலாம், முத்திரையே இல்லாமலும் இருக்கலாம். கடைகள் பழைய நகையைத் தினமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தரம் பார்த்து, அதற்கேற்ற விலை போடுவார்கள், அவ்வளவுதான்.

நான் வங்கிக்கு நகைக்கடன் மதிப்பீடு செய்பவன். வருகிற நகைகளில் பாதிக்கு மேல் பழைய முத்திரைதான்.

பவித்ரா, உங்கள் படத்தில் 916 தவிர எதுவும் தெளிவாக இல்லை. ஃப்ளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள், வெள்ளையாய்ப் பளிச்சிட்டுவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷில் ஷாம்பூ தொட்டுக் கொக்கியைக் கழுவுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படுகிற மாதிரி திருப்புங்கள். போனை ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூம் போடுங்கள். ஒட்டி வைத்தால் ஃபோகஸ் ஆகாது. செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், சில போன்களில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி விழும். அப்புறம் கொக்கியை மட்டும் எடுக்காமல் அதையொட்டிய நான்கைந்து கண்ணிகளும் ஒரே படத்தில் வரட்டும்.

கோமதி_சேலம், 4 ஜூன், காலை 7.15

அடகு வைக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டுறவுச் சங்கத்தில் வையுங்கள், வட்டி குறைவு. நாங்கள் போன வருஷம் அப்படித்தான் செய்தோம். முத்திரை எல்லாம் அங்கே பெரிதாகப் பார்க்கவில்லை, கல்லில் உரசிப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

கரூர்_பவித்ரா, 4 ஜூன், காலை 8.30

அக்கா, அடகு இல்லை, நான் வாங்குகிறேன்.

புதுப்படம் போட்டிருக்கிறேன். இப்போது வரிசையாகத் தெரிகிறது: முக்கோணம், 916, சுழி மாதிரி ஒரு சின்னம், ஜே என்ற ஆங்கில எழுத்து, கடைசியில் மூன்று ஆங்கில எழுத்துகள் (அதை மறைத்திருக்கிறேன்).

தங்கவேல்77, 4 ஜூன், காலை 8.52

ஜே என்றால் ஜுவல்லரி. எல்லா நகையிலும் இருக்கும்.

உரைகல், 4 ஜூன், மதியம் 1.20

இல்லை தங்கவேல். அது ஆண்டைக் குறிக்கும் எழுத்து. நம் நாட்டில் ஹால்மார்க் 2000-இல் தொடங்கியபோது ஐந்து முத்திரை வைத்தார்கள். தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணம், தரம், சோதித்த மையத்தின் சின்னம், ஆண்டெழுத்து, விற்பவரின் அடையாளம். 2000-க்கு ஏ, 2008-க்கு ஜே. 2017 தொடக்கத்தில் ஆண்டெழுத்தை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள். 2021 ஜூலையில் மையத்தின் சின்னமும் கடையின் சின்னமும் போய், அவற்றுக்குப் பதிலாக ஆறெழுத்து எண் வந்தது. இப்போது மூன்றுதான்: முக்கோணம், 22K916 மாதிரி தரம், எண்.

ஆக, ஐந்து முத்திரையோடு இருக்கும் இந்தக் கொக்கி 2008-இல் சோதிக்கப்பட்டது. ஆறெழுத்து எண் இதில் இருக்கவும் முடியாது. இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முத்திரை லேசரில் போட்டது. உங்கள் படத்தில் எழுத்துகள் கருகிய நுண்புள்ளிகளை வரிசையாக வைத்தது போல இருக்கின்றன பாருங்கள். கையால் அடித்த அச்சு என்றால் பள்ளத்தின் ஓரம் மேடேறியிருக்கும். ஐந்தும் ஒரே ஆழத்தில் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. கொக்கியைப் பொறுத்தவரை எனக்குக் குறை தெரியவில்லை.

கேள்வி கொக்கியைப் பற்றி இல்லை. அதையடுத்த கண்ணிகளைப் பாருங்கள். கொக்கியின் நிறம் கொஞ்சம் சிவந்த மஞ்சள், சங்கிலி வெளிறிய மஞ்சள். கொக்கி மாட்டும் வளையத்தில் வெள்ளை வரி ஒன்று ஓடுகிறது, அது பற்றவைத்த பொடியின் தடம். கண்ணிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து தட்டையாகிவிட்டன, கொக்கியின் வளைவு உருண்டையாகவே இருக்கிறது. தினமும் மாட்டிக் கழற்றும் கொக்கிதான் முதலில் தேய வேண்டும்.

பெரியம்மா இதை எப்போது வாங்கினார்? பில் இருக்கிறதா? கொக்கி மாற்றியிருக்கிறார்களா?

கரூர்_பவித்ரா, 4 ஜூன், இரவு 9.10

பெரியம்மாவைக் கேட்டேன். 2012-இல், தம்பி காதுகுத்துக்கு எடுத்தது. பில் இருக்கிறது, அதில் "916 கேடிஎம்" என்று எழுதியிருக்கிறது, எடை 24.600. பில்லில் இருக்கும் கடையின் பெயருக்கும் கொக்கியில் இருக்கும் மூன்றெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒருமுறை சங்கிலி அறுந்து ஆசாரியிடம் கொடுத்தாராம், அவர் கொக்கி போட்டுக் கொடுத்ததாக ஞாபகம் என்கிறார். எந்த வருஷம் என்று தெரியவில்லை.

2008 கொக்கி 2012 சங்கிலியில் எப்படி?

மதுரை_செல்வம், 4 ஜூன், இரவு 9.45

கடையில் நான்கு வருஷம் விற்காமல் கிடந்திருக்கலாமே. என் அண்ணன் கடை வைத்திருந்தார், சில டிசைன் அப்படித்தான் தூங்கும். எழுத்து பொருந்தாததும் பெரிய விஷயம் இல்லை. மொத்த வியாபாரியிடம் முத்திரையோடு வாங்கி விற்றால் மொத்த வியாபாரியின் எழுத்துதான் இருக்கும்.

உரைகல், 5 ஜூன், காலை 6.30

செல்வம் சொல்வது நியாயம். ஆண்டும் எழுத்தும் பொருந்தாதது மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் நிறம், தேய்மானம், பற்றவைப்பு, பெரியம்மாவின் ஞாபகம் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆசாரி கையில் இருந்த வேறொரு பழைய நகையின் கொக்கியை இதில் வைத்திருக்கலாம். கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை, கொக்கி கிடந்தது, போட்டுவிட்டார். ஆனால் விளைவு என்ன? முத்திரை அரை கிராம்கூட இல்லாத கொக்கிக்குச் சாட்சி சொல்கிறது. மீதி இருபத்து மூன்றரை கிராமுக்குச் சாட்சி இல்லை.

இன்னொன்று, பில்லில் இருக்கும் "916 கேடிஎம்". கேடிஎம் தரத்துக்கான முத்திரையே இல்லை. பற்றவைக்கும் பொடியில் செம்பு, வெள்ளிக்குப் பதில் காட்மியம் கலந்ததைத்தான் அப்படிச் சொன்னார்கள். அதில் 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம் இருந்தால் பற்றவைத்த இடத்திலும் டச், அதாவது தங்கத்தின் தரம், இறங்காது. நகை 916 தங்கத்தில் செய்திருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே பொருள். ஊதும்போது வரும் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுப்பதால் அந்த முறை பின்னால் ஒதுக்கப்பட்டது. 2012-இல் ஹால்மார்க் கட்டாயம் இல்லை, 2021 ஜூனில்தான் கட்டாயமாகத் தொடங்கியது, அதுவும் முதலில் சில மாவட்டங்களில். அதனால் அந்தப் பில் கடைக்காரரின் வாய்வார்த்தைதான்.

விலைக்கு வருவோம். பெரியம்மாவின் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 24 கிராம், 10,000 வீதம் 2,40,000. கடையில் சேதாரம் 10 சதவீதம் போட்டால் 2,64,000. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,71,920. அதில் பதினேழாயிரம் குறைத்து 2,55,000. அவர் நோக்கில் இது விட்டுக்கொடுத்த விலை. ஆனால் சேதாரமும் வரியும் முதன்முறை வாங்கும்போதே செலவாகிப் போனவை. அவை நகையில் இல்லை. நாளைக்கு நீங்கள் விற்றால் ஒரு ரூபாய்கூட அதில் திரும்பாது.

முழுக்க 916 ஆக இருந்தால் இதன் உச்சம் 2,40,000. கடை பழைய நகைக்கு 3 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு 2,32,800 வரும் (பிடித்தம் கடைக்குக் கடை மாறும்). நீங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் இருவருக்கும் லாபம்.

அது முழுக்க 916 ஆக இருந்தால். அதனால் ஹால்மார்க் சென்டரில் சோதியுங்கள். தனிநபர் நகையையும் சோதித்துத் தருவார்கள், கட்டணம் இந்தத் தொகைக்கு முன்னால் ஒன்றுமில்லை. கொக்கியில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கொக்கி, சங்கிலியில் மூன்று இடம், பற்றவைத்த வளையம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ரியாத்_ரஹீம், 5 ஜூன், மாலை 4.00

நல்ல இழை. என் கேள்வி: இங்கே மனைவிக்கு 20 கிராமில் ஒரு வளையல் வாங்கினேன், உள்பக்கம் 875 என்று இருக்கிறது. ஊரில் காட்டினால் "இது 916 இல்லை, மட்டமான தங்கம்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

உரைகல், 5 ஜூன், இரவு 8.15

ஏமாறவில்லை அண்ணே, 875 என்றால் 21 காரட். உங்கள் ஊரில் அதுதான் அதிகம் ஓடுகிறது. 21 காரட் ரேட்டில்தான் பணம் கொடுத்திருப்பீர்கள், பில்லைப் பாருங்கள். நம்மூர் ஹால்மார்க்கில் 21 இல்லை. அதனால் இங்கே கடைக்காரருக்கு அது உருக்கும் பொருள்தான். 20 கிராமை 916 கணக்குக்கு மாற்றினால் 875-ஐ 916-ஆல் வகுக்க வேண்டும், 19.10 கிராம் வரும். 10,000 வீதம் 1,91,000. அதற்கும் கீழே "மட்டம்" என்று கழித்தால் கொடுக்காதீர்கள்.

கரூர்_பவித்ரா, 9 ஜூன், இரவு 8.00

பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண் முன்னால் நடக்கட்டும் என்று நினைத்தேன், அதுதான் நல்லதாகப் போனது.

எடை சரியாக 24.000. தங்கம் கொக்கியில் 91.7 சதவீதம். சங்கிலியில் மூன்று இடம் 88.1, 87.9, 88.0. பற்றவைத்த வளையம் 84.2.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் கடைக்காரர் நம்ம ஊர்க்காரர்டி" என்று மட்டும் சொன்னார்.

தங்கவேல்77, 9 ஜூன், இரவு 8.20

பதிமூன்று வருஷம் போட்டது, தேய்ந்து டச் குறைந்திருக்கும்.

கோமதி_சேலம், 9 ஜூன், இரவு 8.41

வியர்வை, எண்ணெய் இறங்கினால் குறைச்சலாகக் காட்டும் என்று எங்கள் ஆசாரி சொல்வார்.

உரைகல், 9 ஜூன், இரவு 10.10

தேய்ந்தால் எடைதான் குறையும். 24.600 பில் எடை இப்போது 24.000 ஆனதில் தேய்மானத்துக்கும் பங்கு உண்டு, அறுந்தபோது உதிர்ந்த கண்ணிக்கும் உண்டு. தேய்ந்துபோன பொடியிலும் தங்கமும் செம்பும் அதே விகிதத்தில்தான் போகும். டச் மாறாது.

அழுக்கைப் பற்றிக் கோமதி அம்மா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சென்டரில் வைத்துப் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேல்தோலை மட்டும்தான் படிக்கும். அழுக்கோ முலாமோ இருந்தால் கணக்கு பிசகும். ஆனால் மூன்று இடத்திலும் 88 சுற்றியே வந்திருக்கிறது. அழுக்கு இப்படி ஒரே அளவில் ஏமாற்றாது. கண்ணிகள் உரசித் தேய்ந்த உள்பக்கத்தில் வைத்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே மேல்பூச்சு எதுவும் மிஞ்சியிருக்காது.

கரூர்_பவித்ரா, 9 ஜூன், இரவு 10.25

ஒரு இடம் அப்படித்தான் வைத்தார்கள், 87.9 அதுதான். போகும் முன் கழுவியும் கொண்டுபோனேன்.

உரைகல், 10 ஜூன், காலை 6.45

அப்போது நம்பலாம். முழுத் துல்லியம் வேண்டுமென்றால் சிறு துண்டு வெட்டி, ஈயத்தில் சுற்றி உருக்கி, அமிலத்தில் வெள்ளியைப் பிரித்து, மிஞ்சிய தங்கத்தை எடைபோடும் முறை இருக்கிறது. உங்கள் காரியத்துக்கு அது தேவையில்லை. நகையில் வெட்டும் விழும்.

கணக்கு: 24 கிராமை 88-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுத்தால் 23.06 கிராம். 10,000 வீதம் சுமார் 2,30,500. கொக்கியின் கூடுதல் டச்சுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் சேரும், பற்றவைப்புக்கு அதே அளவு கழியும், விட்டுவிடலாம். கடை 3 சதவீதம் பிடித்தால் பெரியம்மாவுக்கு 2,23,600 கிட்ட. கொக்கியில் இருக்கும் 916-ஐ நம்பி 2,55,000 கொடுத்திருந்தால் தங்க மதிப்புக்கு மேல் இருபத்து நான்காயிரத்துக்கும் அதிகமாகப் போயிருக்கும். அதில் பதினைந்தாயிரம் சேதாரப் பேச்சால், ஒன்பதாயிரத்து ஐந்நூறு முத்திரையால்.

மதுரை_செல்வம், 10 ஜூன், காலை 9.00

அந்தக் கடை மேல் புகார் கொடுங்கள். டச் குறைந்தால் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு நஷ்டஈடு என்று விதி இருக்கிறது.

உரைகல், 10 ஜூன், காலை 11.30

விதி இருக்கிறது, ஹால்மார்க் முத்திரையோடு விற்ற நகைக்கு. இந்தக் கடைக்காரர் முத்திரையோடு விற்றாரா என்பதே தெரியவில்லை. முத்திரை இருப்பது வேறு யாரோ விற்ற கொக்கியில். பில்லில் 916 என்று எழுதியதை வைத்து நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம், ஆனால் பதிமூன்று வருஷம் கழித்து, நடுவில் ஆசாரி கை வைத்த சங்கிலி. ஆசாரி கண்ணிகளையும் மாற்றினார் என்று கடைக்காரர் சொன்னால் மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

மதுரை_செல்வம், 10 ஜூன், காலை 11.50

இப்படி எல்லாரும் விட்டுவிடுவதால்தான் செய்கிறார்கள். பில் கையில் இருக்கிறது, 916 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் என்றால் கேட்காமல் விடமாட்டேன்.

கரூர்_பவித்ரா, 12 ஜூன், இரவு 7.30

2,28,000 கொடுத்து வாங்கிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கடையை விட நாலாயிரம் கூட, எனக்குத் தங்க மதிப்பை விட இரண்டாயிரத்து ஐந்நூறு குறைவு. சோதனைத் தாளின் நகலைப் பில்லோடு பின் செய்து வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் கேட்பதா வேண்டாமா என்பதைப் பெரியம்மாதான் முடிவு செய்ய வேண்டும், பணம் கொடுத்தது அவர்.

மதுரை_செல்வம், 13 ஜூன், காலை 10.15

இதைப் படித்துவிட்டு என் புது மோதிரத்தைப் படமெடுத்துப் பார்த்தேன். மூன்று முத்திரையும் இருக்கிறது. பிஐஎஸ் கேர் செயலியில் Verify HUID போய் அந்த ஆறெழுத்து எண்ணைப் போட்டால் "நெக்லஸ்" என்று வருகிறது! தரம் 22 என்றே காட்டுகிறது, கடை பெயர் வேறு.

உரைகல், 13 ஜூன், மதியம் 2.00

முதலில் எழுத்துகளைத் திரும்பப் படியுங்கள். மோதிரத்தின் உள்வளைவில் எட்டும் பி-யும், ஐந்தும் எஸ்ஸும் ஒன்று போலத் தெரியும். விளக்கை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் வைத்து இரண்டு படம் எடுங்கள். தவறாகப் படித்த எண்ணும் வேறு யாருடைய நகைக்கோ சரியான எண்ணாக அமைந்துவிடலாம்.

சரியாகப் படித்தும் நெக்லஸ் என்றே வந்தால் மோதிரத்தைச் சோதிக்காமல் வேறு நகையின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அப்போது தரம் 22 என்று காட்டுவதை நம்ப வேண்டாம், அது அந்த நெக்லஸின் தரம். பில்லோடு கடைக்குப் போங்கள், அதே செயலியில் புகாரும் பதியலாம்.

மதுரை_செல்வம், 13 ஜூன், இரவு 9.20

மூன்றாவது எழுத்து பி இல்லை, எட்டு. இப்போது மோதிரம் என்று வருகிறது, கடை பெயரும் சரி. ஆனால் தரம் 18 காரட். கல் வைத்த மோதிரம் என்பதால் 18 என்று கடையில் சொன்ன ஞாபகம் இல்லை. பில்லில் தங்கத்தின் ரேட் தனியாக இல்லை, மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது.

உரைகல், 13 ஜூன், இரவு 9.45

மோதிரத்தில் 22K916 என்று இருக்கிறதா, 18K750 என்று இருக்கிறதா? அதையும் பெரிதாக்கிப் போடுங்கள். 18 என்றால் கிராம் ரேட் 8,190 கிட்ட வந்திருக்க வேண்டும். நாளை கடைக்குப் போய்த் தங்கத்தின் நிகர எடை, காரட், கல் எடை, கல்லின் விலை, சேதாரம் எல்லாம் தனித்தனியாக எழுதிய பில் வாங்குங்கள். ஹால்மார்க் நகைக்கு நிகர எடையும் காரட்டும் எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.